101 ரூபாய் பெட்ரோலா, 109 ரூபாய் பெட்ரோலா?

கேள்வி: வண்டலூரிலிருந்து கிண்டிக்கு தினமும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போய் வருகிறேன். 2021இல் வாங்கிய 125 சிசி வண்டி. ஒரு நாளைக்கு 40 கி.மீ., மாதம் 25 நாள். லிட்டருக்கு 45 கி.மீ. கிடைக்கிறது. நான் போகும் பங்க்கில் சாதாரண பெட்ரோல் 101 ரூபாய், 95 ஆக்டேன் 109 ரூபாய். ‘பவர் போட்டால் மைலேஜ் ஏறும், இன்ஜினும் சுத்தமாக இருக்கும், கூடுதல் காசு தானாகத் திரும்பிவிடும்’ என்கிறார் மைத்துனர். மாறலாமா?

பதில்: மாற வேண்டாம். உங்கள் மைத்துனர் சொல்வதில் ஒரு பகுதி உண்மை உண்டு என்றாலும், காசு திரும்பிவிடும் என்பது மட்டும் கணக்கில் நிற்கவில்லை.

மாதம் 1,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள், அதற்கு ஏறத்தாழ 22.2 லிட்டர் தேவை. சாதாரண பெட்ரோலுக்கு 2,244 ரூபாய், விலை கூடியதற்கு 2,422 ரூபாய். மாதம் 178 ரூபாய், ஆண்டுக்கு 2,130 ரூபாய்க்குச் சற்று மேல் கூடுதலாகிறது. இந்தத் தொகை மைலேஜ் வழியாகத் திரும்ப வேண்டுமானால், விலை எந்த விகிதத்தில் கூடியிருக்கிறதோ அதே விகிதத்தில் மைலேஜும் கூட வேண்டும். 101க்கும் 109க்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 8 சதவீதம். ஆகவே உங்கள் வண்டி 45க்குப் பதிலாக 48.6 கி.மீ. கொடுத்தால்தான் வரவும் செலவும் சமமாகும், அதற்கு மேல் கிடைப்பதே லாபம். மைலேஜ் 2 சதவீதம் கூடியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மாதம் 130 ரூபாய் கையை விட்டுத்தான் போகும்.

அந்த 8 சதவீதம் ஏன் கிடைக்காது என்பதற்கு ஆக்டேன் என்ற எண் எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொள்வது உதவும். அது பெட்ரோலுக்குள் இருக்கும் ஆற்றலின் அளவு அல்ல. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை அழுத்தப்படும்போது, பிளக் பொறி தட்டிக் கிளப்பிய தீ பரவி வந்து சேரும் வரை தானாக வெடித்துவிடாமல் அது எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண் அது. அவ்வாறு தானாக வெடிப்பதைத்தான் மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்கிறார்கள். டர்போ பொருத்திய கார்களிலும் வேகத்துக்கென்றே செய்யப்பட்ட பைக்குகளிலும் அழுத்தம் அதிகம். அவற்றில் நாக்கிங் வராமல் காக்க, இன்ஜினின் கணினி பொறி தட்டும் நேரத்தைத் தள்ளிப்போடும், அதனால் இழுவை சற்றுக் குறையும். அத்தகைய வண்டிக்கு உயர்ந்த ஆக்டேன் ஊற்றினால் இழந்த இழுவை திரும்பக் கிடைக்கலாம். வேலைக்குப் போய்வர ஓட்டும் 125 சிசி ஸ்கூட்டர், சாதாரண பெட்ரோலில் ஓடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. நாக்கிங்கே இல்லாத இடத்தில் நாக்கிங்கைத் தடுக்கும் தன்மைக்குக் காசு கொடுப்பதில் பொருளில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பி.எஸ்.6 தரத்தில் சாதாரண பெட்ரோலின் குறைந்தபட்ச ஆக்டேன் 91 ஆக இருந்த காலத்தில், 95 என்பது உண்மையிலேயே ஒரு படி மேல். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள்; எத்தனாலின் ஆக்டேன் பெட்ரோலைவிட மிக அதிகம் என்பதால், அந்தக் கலவையே 95ஐத் தொட்டுவிடுகிறது என்று 2025இல் மத்திய பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் தந்தது. எத்தனால் கலந்ததால் மைலேஜ் சற்றுக் குறைந்ததாகச் சிலர் உணர்வது வேறு கதை. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் அதற்கு மருந்தாக 95 ஆக்டேனைத் தேடிப்போவது வீண், ஏனென்றால் பெயரில் 95 இருப்பதால் எத்தனால் இல்லை என்று ஆகிவிடாது.

மைத்துனர் சொல்வதில் உண்மை இருக்கும் பகுதி, சுத்தம் பற்றியது. விலை கூடிய பெட்ரோலில், கரி படியாமல் கழுவிவிடும் வேதிப்பொருள் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். உங்களுடையதைப் போன்ற ஸ்கூட்டரில் பெட்ரோல் வால்வுக்கு முன்னால் தெளிக்கப்படுவதால், அந்தக் கழுவல் இன்ஜெக்டரோடு வால்வையும் சென்றடையும். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் செலுத்தும் சில புதிய கார்களில், விந்தையாக, வால்வுக்கு அந்தப் பயன் கிடைப்பதில்லை. ஆனால் இதற்காக ஒவ்வொரு லிட்டருக்கும் 8 ரூபாய் கொடுப்பது, சட்டை அழுக்காகும் முன்பே தினமும் சலவைக்குப் போடுவது போன்றது. இன்ஜெக்டர் அடைத்தால் அதன் அடையாளம் தெரியும்: வண்டி நின்றபடி ஓடும்போது சீராக இருக்காது, ஆக்சிலேட்டரைத் திருகினால் ஒரு கணம் திக்கிவிட்டுத்தான் கிளம்பும். அப்போது சர்வீசில் சொல்லிச் சுத்தம் செய்துகொள்ளலாம். அது எப்போதோ ஒருமுறை வரும் செலவு.

இவ்வளவு சொல்லியும் மனம் ஒப்பவில்லை என்றால் நீங்களே அளந்து பாருங்கள், ஆனால் சரியாக அளக்க வேண்டும். ‘ஒரு டேங்க் போட்டேன், நல்ல மைலேஜ்’ என்பது அளவீடு அல்ல. ஒரு முறைக்கு உங்கள் டேங்க்கில் 4 லிட்டர் அளவுக்கே பிடிக்கும். நிரப்பும் மட்டத்தில் 200 மில்லி வித்தியாசம் வந்தாலே 5 சதவீதம் பிழை வந்துவிடும், நாம் தேடும் 8 சதவீதத்தில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். ஆகவே ஒரே பங்க்கில், வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நாசில் தானாக முதல்முறை நிற்கும் இடத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். பெட்ரோலை மாற்றிய பிறகு வரும் முதல் டேங்க்கில் பழையதும் கலந்திருக்கும் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த டேங்க் ஓடி முடிந்து மீண்டும் நிரப்பும்போது கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கடுத்த மூன்று முறையும் நிரப்பிய லிட்டரைக் கூட்டி, குறித்ததிலிருந்து ஓடிய கிலோமீட்டரை அதனால் வகுங்கள். இடையில் நிரப்பியவற்றின் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து, தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள பிழை மட்டுமே மிஞ்சும். 12 லிட்டரில் 200 மில்லி என்பது 2 சதவீதத்துக்கும் குறைவு. உங்கள் ஓட்டத்துக்கு இது ஏறத்தாழ மூன்று வாரத்தில் முடிந்துவிடும்; பிறகு சாதாரண பெட்ரோலுக்கும் அதே போல் மூன்று வாரம். இரண்டுக்கும் டயர் காற்று ஒரே அளவில் இருக்க வேண்டும். விலை கூடிய பெட்ரோலைப் போட்ட வாரத்தில் நாமே அறியாமல் பதமாக ஓட்டுவோம். அதையும் நினைவில் வைத்திருங்கள்.

மேம்பாலம் ஏறும்போதோ பின்னால் ஆள் இருக்கும்போதோ இன்ஜினுக்குள் சிறு உலோகத் துண்டுகள் உருளுவது போலக் கலகலவென்று சத்தம் கேட்டால் மட்டும் நிலைமை வேறு. அது நாக்கிங்காக இருக்கலாம். 95 ஆக்டேன் போட்டால் சத்தம் அடங்கவும் கூடும். அதற்காக அதையே தொடராதீர்கள். உள்ளே கரி படிந்திருப்பது, பொருந்தாத பிளக், இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாவது ஆகியவற்றில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்பதால், வண்டியை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நாளை டர்போ கார் வாங்கினால், அதன் கையேட்டிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ எந்த எண் அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். 95 கட்டாயம் என்று இருந்தால், அந்த எண்ணுக்குக் குறையாத பெட்ரோலையே போட வேண்டும், அதில் பேரம் இல்லை.