ஃபார்ட்லெக் ஓட்டத்தின் மொத்தத் தூரத்தை முன்கூட்டியே கணக்கிடுவது எப்படி?

கேள்வி: மோனா ஃபார்ட்லெக் செய்யப் போகிறேன். வேகமாக ஓடும்போது என் பேஸ் கிலோமீட்டருக்கு 4:30, மெதுவாக ஓடும்போது 6:00. இரண்டின் சராசரி 5:15 என்று வைத்து மொத்தத் தூரத்தைக் கணக்கிடலாமா?

கூடாது. உங்கள் எண்களுக்குப் பிழை சிறியதாகத்தான் வரும், ஆனாலும் வழி தவறு. வேக ஓட்டங்களுக்கு இடையே வரும் மீட்சி நேரத்தில் நடப்பவர்களுக்கு இதே வழி பெரிய பிழையைத் தரும்.

மற்றவர்களுக்காக ஒரு வரி: ஆஸ்திரேலிய மாரத்தான் வீரர் ஸ்டீவ் மோனகெட்டியின் பெயரால் வழங்கும் இந்தப் பயிற்சியில் 90 வினாடி வேக ஓட்டம் 2, 60 வினாடி 4, 30 வினாடி 4, 15 வினாடி 4 என்று வரும். ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே அளவு நேரம் மெது ஓட்டம், அதாவது ஃப்ளோட். எல்லாம் சேர்ந்து சரியாக 20 நிமிடம். கணக்குப் போட மிகவும் வசதியான அமைப்பு இது. வேகத்துக்கு 10 நிமிடம், ஃப்ளோட்டுக்கு 10 நிமிடம் என்று நேரம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

பேஸ் என்பது ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம். அதனால் நேரத்தைப் பேஸால் வகுத்தால் தூரம் கிடைக்கும். எல்லாவற்றையும் வினாடியில் வைத்துக்கொள்ளுங்கள். 4:30 என்பது 270 வினாடி. கால்குலேட்டரில் 4.30 என்று தட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர், ஆனால் 4 நிமிடம் 30 வினாடி என்பது 4.5 நிமிடம். வேக ஓட்டம் 600 ÷ 270 = 2.222 கி.மீ. ஃப்ளோட் 600 ÷ 360 = 1.667 கி.மீ. மொத்தம் 3.889 கி.மீ. சராசரி 5:15-ஐ வைத்தால் 1200 ÷ 315 = 3.810 வரும். 79 மீட்டர் குறைவு.

காரணம் எளிது. இரண்டு பேஸிலும் ஒரே தூரம் ஓடியிருந்தால்தான் பேஸ்களின் சராசரி சரியாக வரும். இங்கே சமமாக இருப்பது நேரம். ஒரே நேரத்தில் வேகமாக ஓடுகிறபோது அதிகத் தூரம் போய்விடுகிறோம், அதனால் உண்மையான சராசரி 5:15 அல்ல, சுமார் 5:09. இரண்டு பேஸுக்கும் இடைவெளி கூடக் கூட இந்த வித்தியாசமும் கூடும். ஃப்ளோட்டுக்குப் பதிலாக 10:00 பேஸில் நடப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். சரியான தூரம் 3.222 கி.மீ., ஆனால் சராசரி வழியில் 2.759 தான் வரும். கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் காணாமல் போகிறது.

சரி, 90 வினாடியை ஒரு பேஸிலும் 15 வினாடியை அதைவிட வேகமாகவும் ஓடுவீர்களே, தனித்தனியாகக் கணக்கிட வேண்டாமா? கணக்கிடலாம். முறையே 4:40, 4:30, 4:10, 3:50 என்று வைத்தால் வேகப் பகுதி 0.643 + 0.889 + 0.480 + 0.261 = 2.273 கி.மீ. எல்லாவற்றையும் 4:30 என்று வைத்ததைவிடச் சுமார் 50 மீட்டர்தான் கூடுதல். வேக ஓட்டத்தின் 10 நிமிடத்தில் 7 நிமிடம் 90, 60 வினாடிகளிலேயே போய்விடுகிறது. நான்கு 15 வினாடிகளும் சேர்ந்தால் வெறும் ஒரு நிமிடம். அவற்றின் பேஸை 20 வினாடி தவறாகக் கணித்தாலும் பாதிப்பு 21 முதல் 25 மீட்டர்தான். ஆகவே 90, 60-இன் பேஸை ஒழுங்காகத் தெரிந்துகொண்டால் போதும். 15 வினாடியில் வாட்ச் அந்தக் கணத்தில் காட்டும் பேஸையும் நம்ப வேண்டாம், ஜிபிஎஸ் உங்கள் வேகத்தைப் பிடிப்பதற்குள் அந்தப் பகுதி முடிந்துவிடும்.

எக்செல்லில் போடுகிறவர்கள் எத்தனை தடவை, ஒவ்வொன்றும் எத்தனை வினாடி, கிலோமீட்டருக்கு எத்தனை வினாடி என்று மூன்று நெடுவரிசை வைத்து, ஃப்ளோட்டுக்கும் தனி வரிசை கொடுங்கள் (1, 600, 360):

```
=SUMPRODUCT(A2:A6*B2:B6/C2:C6)
```

விடை கிலோமீட்டரில் வரும். பேஸை 4:30 என்று உள்ளிட்டால் எக்செல் அதை நாலரை மணி என்று எடுத்துக்கொள்ளும், 270 என்றே உள்ளிடுங்கள்.

கணக்கு இவ்வளவுதான். நிஜமான பிழை வருகிற இடம் ஃப்ளோட். வேக ஓட்டத்தில் கவனம் இருக்கும், பேஸ் ஓரளவு நிலையாக இருக்கும். ஃப்ளோட்டில் மூச்சு வாங்குவதிலேயே கவனம் போய்விடும். 6:00 என்று நினைத்துக்கொண்டு 7:00-இல் ஓடினால் 238 மீட்டர் குறையும். சராசரி வழியால் வரும் பிழையைப்போல மூன்று மடங்கு இது. அதிலும் நம் ஊர்ப் புழுக்கத்தில் கடைசிச் சில நிமிடங்களின் ஃப்ளோட் தொடக்கத்தில் இருந்ததைப்போல இருப்பதில்லை.

அதனால் ஒரு தடவையாவது 400 மீட்டர் டிராக்கில் செய்து பாருங்கள். முதல் லேனில் ஓடுங்கள், இரண்டாவது லேனில் ஒரு சுற்றுக்குச் சுமார் 7 மீட்டர் கூடிவிடும். 4:30 பேஸில் போனால் முதல் 90 வினாடி வேக ஓட்டத்தில் 300 மீட்டர் குறியை 81-வது வினாடியில் கடந்து, 333 மீட்டரில் முடிப்பீர்கள். அது பொருந்தினால் வேகப் பகுதியின் பேஸை நம்பலாம். அப்புறம் 20 நிமிடம் முடியும்போது எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். கணக்குப்படி 9 சுற்று முடிந்து 289 மீட்டர் தாண்டியிருக்க வேண்டும். 9 சுற்றும் 90 மீட்டரும்தான் வந்தது என்று வைத்துக்கொள்வோம், அதாவது 3.690 கி.மீ. அதில் வேகப் பகுதி 2.222-ஐக் கழித்தால் ஃப்ளோட் 1.468 கி.மீ. 600 ÷ 1.468 = 409 வினாடி. அப்படியானால் உங்கள் ஃப்ளோட் பேஸ் 6:00 இல்லை, 6:49. அடுத்த முறை சாலையில் ஓடும்போது இந்த எண்ணையே வையுங்கள். வேகப் பகுதியைச் சரிபார்க்காமல் இப்படிப் பின்னோக்கிக் கணக்கிட்டால் அதன் தவறும் ஃப்ளோட்டின் தலையில்தான் விழும்.

வேகம் எடுக்க ஆகும் சில வினாடிகளைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். 4:30-க்கு வர 5 வினாடி ஆனால் ஒவ்வொரு தடவையும் 2 மீட்டர் சொச்சம் இழக்கிறோம். ஆனால் நேரம் முடிந்ததும் படிப்படியாக வேகம் குறைத்தால் ஏறக்குறைய அதே அளவு திரும்பக் கிடைத்துவிடும். சட்டென்று ஃப்ளோட் வேகத்துக்கு இறங்கிவிடுகிறவர்களுக்குத்தான் 14 தடவைக்கும் சேர்த்து 30 மீட்டர் போல இழப்பு.

கடைசி ஃப்ளோட்டையும் பாருங்கள். மோனாவில் அது 20 நிமிடத்துக்குள் அடங்கும், விட்டாலும் 42 மீட்டர்தான் போகும். 2 நிமிடம் வேகம், 2 நிமிடம் மெது என்று ஓடும் அமைப்பில் கடைசி மீட்சியைச் சேர்ப்பதா விடுவதா என்பது, 6:00 பேஸில், 333 மீட்டர் விஷயம்.

வாரக் கணக்கில் எழுதுவதற்கு வார்ம்-அப், கூல்-டவுனையும் இதே வழியில் கூட்டுங்கள். 6:30 பேஸில் 15 நிமிட வார்ம்-அப் 2.3 கி.மீ., 7:00 பேஸில் 10 நிமிடக் கூல்-டவுன் 1.4 கி.மீ. நடுவில் ஃபார்ட்லெக் 3.7 முதல் 3.9 வரை. ஏழரை கிலோமீட்டர் என்று எழுதிக்கொள்ளலாம்.