தணிக்கைக் கட்டணம் 36.5% உயர்வு: கடிதத்தில் எதை எழுதுவது?

"கட்டணம் 36.5% கூடியிருக்கிறது. 'வேலை அதிகம், செலவு அதிகம்' என்று நான் எழுதிய கடித வரைவை வாடிக்கையாளரின் போர்டு ஏற்காது என்கிறார் எங்கள் பார்ட்னர். எப்படி மாற்றுவது?"

முதல் பத்தியிலேயே உயர்வை மணிநேரமாகவும் மணிநேர விகிதமாகவும் பிரித்துக் காட்டுங்கள். உதாரணமாக, போன வருடம் 400 மணி, இந்த வருடம் 520 மணி, விகிதம் 5% கூடுதல் என்றால் 1.30 × 1.05 = 1.365. உங்கள் 36.5% வந்துவிட்டது. போர்டு கேள்வி கேட்கப்போவது அந்த 120 மணியைப் பற்றித்தான்.

முக்கியக் காரணம் வாடிக்கையாளர் நடு வருடத்தில் மாற்றிய கணக்கு மென்பொருள் என்று வைத்துக்கொள்வோம். பழையது, புதியது இரண்டின் கட்டுப்பாடுகளையும் சோதிக்க வேண்டும். மாற்றிய நிலுவைகள் சரியாக வந்தனவா என்றும் ஒப்பிட வேண்டும். இதற்கு 70 மணி போனால், அது அடுத்த வருடம் திரும்பாது என்று தனியாக எழுதுங்கள். சரக்கு மதிப்பீட்டுக்கு ஆன 30 மணி தொடரும். மீதி 20, வாடிக்கையாளர் தர வேண்டிய அட்டவணைகள் தாமதமாக வந்ததால் காத்திருந்த நேரம். இதை எழுதத் தயங்குவார்கள். ஆனால் தேதியோடு எழுதினால் சண்டை வராது.

அனுப்பும் முன் இரண்டு வருட டைம்ஷீட்டையும் பகுதிவாரியாக ஒப்பிடுங்கள். கூடுதல் மணி எல்லாப் பகுதியிலும் சமமாகப் பரவியிருந்தால் காரணம் மென்பொருள் இல்லை. அனுபவமில்லாத குழுவாக இருக்கலாம். அந்தச் செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அப்புறம், நியமனக் கடிதத்தில் கூடுதல் கட்டணத்துக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த வருடக் கட்டணம் குறையும் என்று உறுதி மட்டும் கொடுக்காதீர்கள்.