‘குடி குடியைக் கெடுக்கும்’ – ஹிந்தியில் எப்படி ஒலிக்க வேண்டும்?

கேள்வி: திருப்பூரில் ஒரு குடிநோய் மீட்பு மையத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். பின்னலாடை ஆலைகளில் வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்காக ‘குடி குடியைக் கெடுக்கும்’ சுவரொட்டியை ஹிந்தியில் போட வேண்டும், கீழே ஆங்கிலத்திலும் ஒரு வரி வேண்டும். மொழிபெயர்த்து வந்த ஹிந்தி வரி பிழையில்லாமல் இருக்கிறது. ஆனால் படித்துக் காட்டினால் யார் முகத்திலும் சலனம் இல்லை. எப்படித் திருத்துவது?

பதில்: இந்த வாசகத்தைப் பொதுவாகச் சிலேடை என்கிறோம். அணி இலக்கணப்படி இது சொற்பின்வருநிலையணி. ஒரே சொல் மறுபடி வருகிறது, வேறு பொருளில் வருகிறது. முதல் குடி மது அருந்துவது. இரண்டாவது குடும்பம், குடித்தனம் என்பவற்றில் உள்ள குடி. திருக்குறளில் ‘குடிமை’, ‘குடிசெயல்வகை’ என்னும் அதிகாரங்கள் பேசுவது இந்தக் குடியைத்தான். குடிப்பதைக் கண்டிக்கும் அதிகாரத்துக்கு வள்ளுவர் வைத்த பெயர் ‘கள்ளுண்ணாமை’.

திருத்துகிறவருக்கு இந்த வேறுபாடு மிகவும் பயன்படும். சிலேடையில் ஒரே சொல் ஒரே தடவை வந்து இரண்டு பொருளையும் சுமக்கும். குடிகாரரைக் குறும்பாகக் ‘குடிமகன்’ என்கிறார்களே, அது சிலேடை. வேறு மொழிக்குக் கொண்டுபோனால் இரண்டு பொருளில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். உங்கள் வாசகத்தில் அந்தச் சிக்கல் இல்லை. மது, குடும்பம், கேடு மூன்றும் வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. மொழி மாறும்போது போவது ஒலி மட்டும்தான். ஆனால் அந்த ஒலிதான் வாசகத்துக்கு வலுவைக் கொடுக்கிறது. கெடுப்பதற்கும் கெடுவதற்கும் ஒரே பெயர் இருப்பதால், கேடு அந்தச் சொல்லுக்குள்ளேயே எழுதப்பட்டதுபோல் கேட்கிறது. அதனால் ஹிந்தியில் இரட்டைப் பொருள் உள்ள சொல்லைத் தேடி அலைய வேண்டாம். ஒலியால் உறவாடும் இரண்டு சொற்கள் கிடைத்தால் போதும்.

தேடும் முன் தமிழ் வாசகத்தின் நோக்கத்தைச் சொல் விளையாட்டே இல்லாமல் ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்: ‘நீ குடிப்பதால் அழிவது உன் குடும்பம்.’ குடிப்பவரின் ஈரலைப் பற்றியோ ஆயுளைப் பற்றியோ இந்த வாசகம் பேசவில்லை. குறி குடும்பத்தின் மேல் இருக்கிறது. இனி கைக்கு வரும் ஒவ்வொரு ஹிந்தி வரியையும் இந்த வரியோடு ஒப்பிட வேண்டும்.

உங்களுக்கு வந்தது அநேகமாக ‘ஷராப் பரிவார் கோ பர்பாத் கர்தி ஹை’ போல இருந்திருக்கும். மது குடும்பத்தை நாசமாக்குகிறது என்று பொருள். பொருள் முழுதாக இருக்கிறது, ஆனால் பள்ளிக் கட்டுரையிலிருந்து எடுத்த வாக்கியம்போல இருக்கிறது. ஹிந்தி தெரிந்த யாரிடமாவது கேட்டால் ‘நஷா நாஷ் கீ ஜட் ஹை’ என்ற வரியைச் சொல்வார்கள். போதையே நாசத்தின் வேர் என்று பொருள். நஷா என்றால் போதை, நாஷ் என்றால் நாசம். இது வடக்கே ஏற்கெனவே புழங்கும் முழக்கம், ஒலி அருமையாகப் பொருந்துகிறது. பலரும் இதையே எடுத்துப் போட்டுவிடுவார்கள். நான் போடமாட்டேன், ஏனென்றால் இதில் குடும்பம் இல்லை. சொல் விளையாட்டு வந்துவிட்ட மகிழ்ச்சியில் சொல்ல வந்ததை விட்டுவிடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை.

ஆனால் நஷா, நாஷ் இரண்டையும் விட மனமில்லை. நடுவில் வீட்டைக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள்: ‘நஷா கரே கர் கா நாஷ்.’ போதை வீட்டை நாசமாக்கும். ‘கர்’ என்பது வீடு, அதன் முதல் எழுத்தை ஹிந்தியில் அழுத்தி ஒலிப்பார்கள். முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் ஒலியால் கைகோக்கின்றன, வீடு அவற்றுக்கு இடையில் சிக்கியிருக்கிறது. ‘பரிவார்’ என்று போட்டால் பொருள் இன்னும் துல்லியமாகும், ஆனால் வரி நீண்டு ஓசை தளர்ந்துவிடும். ஊரில் வீட்டை விட்டுவிட்டு இங்கே சம்பாதிக்க வந்தவருக்கு ‘கர்’ என்ற சொல்லே போதும்.

இந்த வரியில் இரண்டு இடங்களைக் கவனித்துத்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். முதலாவது, ஹிந்தியில் ‘நஷா கர்னா’ என்றால் போதைப்பொருள் உட்கொள்வது. எனவே ‘நஷா கரே’ வரை படிப்பவர் ‘போதை ஏற்றிக்கொண்டால்’ என்று ஒரு கணம் எடுத்துக்கொள்ளக்கூடும். இங்கே அப்படிப் படித்தாலும் முடிவு ‘வீடு நாசம்’ என்றே வருவதால் கெடுதல் இல்லை. வேறு வாசகத்தில் இப்படி ஒரு பிரிவு நேர்ந்தால் இரண்டு வழியிலும் படித்துப் பார்த்துவிடுங்கள். ஒரு வழி தவறான இடத்துக்குப் போனால் அந்த வரியைக் கைவிடுவதே நல்லது. இரண்டாவது, நஷா மதுவை மட்டும் குறிப்பதில்லை, கஞ்சா முதலிய எல்லாப் போதையையும் குறிக்கும். மீட்பு மையத்துக்கு அது பொருந்தும். மதுவை மட்டும் சொல்ல வேண்டுமென்றால் படத்தில் ஒரு பாட்டிலை வைத்துவிடலாம், வரியில் கை வைக்க வேண்டாம்.

பீகார்த் தொழிலாளர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். போஜ்புரி, மகஹி பேசுகிறவர்கள் பலரும் ‘ஷ’வை ‘ஸ’வாகச் சொல்வார்கள்: நஸா, நாஸ். இரண்டு சொல்லும் சேர்ந்தே மாறுவதால் ஓசை உடையாது. ஒலியை நம்பி எழுதும் வாசகத்தை, படிக்கப் போகிறவரின் வட்டார உச்சரிப்பில் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது.

ஆங்கிலத்தில் இப்படி ஒரு ஜோடி எனக்குத் தெரிந்து கிடைக்கவில்லை. அங்கே ஒலியை விட்டுவிட்டு முரண்தொடையைப் பிடித்துக்கொள்ளலாம்: ‘ஒன் டிரிங்க்ஸ். த ஹோல் ஃபேமிலி பேஸ்.’ ஒருவர் குடிக்கிறார், விலை கொடுப்பது குடும்பம். பழைய விளையாட்டு போய்விட்டது, குறி தப்பவில்லை. ஹிந்தியிலும் இதே வழியில் ‘ஏக் பியே, கர் பர் ரோயே’ என்று ஒரு மாற்று வரி வைத்துக்கொள்ளலாம். ஒருவன் குடிக்க வீடே அழும் என்று பொருள். முதல் வரி சோதனையில் தோற்றால் இது கைகொடுக்கும்.

சோதனையை ஹிந்தியைத் தாய்மொழியாகவோ அன்றாடப் பேச்சாகவோ கொண்ட தொழிலாளர்களிடமே செய்யுங்கள். அலுவலகத்தில் ஹிந்தி படித்தவரின் கருத்து இதற்குப் போதாது. ‘நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்டால் மரியாதைக்காக ‘ஆமாம்’ என்பார்கள். வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டி, ‘இதில் யாருக்குக் கெடுதல் என்று சொல்லியிருக்கிறது?’ என்று கேளுங்கள். ‘குடிக்கிறவனுக்கு’ என்று பதில் வந்தால் வரி தோற்றது. ‘வீட்டுக்கு’, ‘பிள்ளைகளுக்கு’ என்று வந்தால் வென்றது. மறுநாள் தாளைக் காட்டாமல் நேற்றைய வரி என்ன என்று கேளுங்கள். சொற்கள் முன்பின்னாக மாறினாலும் நஷா, நாஷ் இரண்டும் திரும்பி வந்தால் ஓசை வேலை செய்கிறது.

கடைசியாக, அச்சகத்துக்கு ஒரு குறிப்பு. தமிழ்ச் சுவரொட்டியில் இரண்டு ‘குடி’யும் சிவப்பில் இருந்தால், வடிவமைப்பவர் ஹிந்தியிலும் பழக்கத்தில் முதல் இரண்டு சொற்களுக்குச் சிவப்பு அடித்துவிடுவார். சிவப்பு வர வேண்டியது நஷாவுக்கும் நாஷுக்கும் என்று எழுதிக் கொடுங்கள். இரண்டு வரியாக மடக்க நேர்ந்தால் ‘நஷா கரே’ மேலே, ‘கர் கா நாஷ்’ கீழே இருக்கட்டும். தமிழ் மூலத்தை விளக்கி அடைப்புக்குறிக்குள் எதையும் சேர்க்க வேண்டாம்.