ஏற்பு வந்தவருக்கும் ஏன் ஏற்பூசி?

ஐயா, வணக்கம். முள்ளியவளையிலிருந்து எழுதுகிறேன். என்ரை சித்தப்பா பன்னிரண்டு வருசத்துக்கு முன்னம் ஏற்புவலி வந்து மயிரிழையில் தப்பினவர். போன கிழமை மாட்டுப்பட்டியில் காலில் ஆணி ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக, இரண்டு கையிலும் இரண்டு ஊசி போட்டு, ஒரு மாதத்தில் திரும்ப வரச் சொல்லியிருக்கினம். கொப்பளிப்பான் ஒருக்கா வந்தால் திரும்ப வராது என்கிறார்கள். ஏற்பு வந்தவருக்கு மட்டும் ஏன் ஊசி? கிருமியைத்தானே ஏற்றுகிறார்கள், அது ஏற்பைக் கொண்டுவராதா?
— ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஏற்பூசிக்குள் கிருமியே கிடையாது. உயிருள்ளதும் இல்லை, செத்ததும் இல்லை. ஏனென்றால் ஏற்பில் ஆளைக் கொல்வது கிருமியல்ல, அது கக்கும் நஞ்சு.

அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் மாட்டெருவிலும் வருடக்கணக்காகக் கிடக்கும். காற்றுப் படாத இடத்தில்தான் அவை முளைக்கும். ஆணி குத்திய காயம் வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாகப் போய் வாய் மூடிக்கொள்ளும், அதுதான் அவற்றுக்கு வாய்ப்பு. அங்கே முளைத்துக் கக்கும் நஞ்சு நரம்பு வழியே முள்ளந்தண்டுக்குள் ஏறி, தசையை இளக விடும் கட்டளையை அடைத்துவிடும். முதலில் தாடை பூட்டும், பிறகு உடம்பு வில்லாக வளையும்.

ஒரு கிராமைக் கோடி பங்காகப் பிரித்தால், இந்த நஞ்சில் இரண்டு பங்கே ஒரு ஆளைக் கொல்லப் போதும். உங்கள் கேள்விக்கு விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கொப்பளிப்பான் கிருமி உடம்பு முழுக்கப் பெருகுவதால், உடம்பு அதைப் பார்த்துப் பார்த்துப் படித்துக்கொள்கிறது. ஏற்பு நஞ்சோ உயிரை எடுக்கும் அளவிலும், நோயெதிர்ப்பின் கண்ணில் படாத அளவுக்குச் சொற்பம். உங்கள் சித்தப்பா சாவின் வாசல்வரை போய் வந்தார், ஆனால் அவருடைய உடம்பு எதையும் கற்கவில்லை.

தடுப்பூசி செய்கிறவர்கள் கிருமியைத் தொழிற்சாலையில் வளர்த்து, நஞ்சை மட்டும் வடித்தெடுத்து, ஃபோர்மலின் கலந்து இளஞ்சூட்டில் கிழமைக்கணக்கில் வைப்பார்கள். இந்த வழி 1920களில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் உருவானது. நஞ்சின் வேலை அழிந்துவிடும், உருவம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பல்லைப் பிடுங்கின பாம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிக்காத பாம்பு என்பதால், கொல்லக்கூடிய அளவைப்போல் பல பத்து மடங்கைத் துணிந்து ஏற்றலாம். உடம்பு நின்று நிதானமாகப் பார்க்கிறது.

கூடவே கொஞ்சம் அலுமினிய உப்பும் இருக்கும். அது ஊசி போட்ட இடத்தைச் சற்றே உறுத்தி, காவல் அணுக்களைக் கூப்பிடும். கை வீங்கி நோவது இதனால்தான், அது குட்டி ஏற்பு அல்ல. அந்த அணுக்கள் மருந்தை விழுங்கி அக்குளுக்குக் கொண்டுபோகும். நெறி கட்டுகிறது என்கிறோமே, அந்த நெறிகளுக்குள்தான் பாடம் நடக்கிறது. அங்கே கோடிக்கணக்கான அணுக்களில் இந்த உருவத்துக்குப் பொருந்துகிற சில மட்டும் தேர்வாகிப் பெருகும். சில எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கும், சில நினைவணுக்களாகத் தங்கும். பின்னாளில் உண்மையான நஞ்சு வந்தால், அது நரம்பைத் தொடுமுன் அந்தப் புரதம் கவ்விக்கொள்ளும். நரம்புக்குள் போய்விட்டால் பிடிக்க முடியாது.

முதல் ஊசியில் கிடைக்கிற பாதுகாப்பு சொற்பம். குறைந்தது நான்கு கிழமை விட்டு இரண்டாவதைப் போட்டால்தான் புரதம் போதிய அளவுக்கு ஏறும். ஆறு மாதத்துக்குப் பிறகு போடும் மூன்றாவது அதைப் பல வருடம் நிலைநிறுத்தும். சித்தப்பாவை ஒரு மாதத்தில் வரச் சொன்னது இதற்காகத்தான்.

மற்றக் கையில் போட்டது வேறு மருந்தாக இருக்கும். முன்பு ஊசி போட்ட விபரம் தெரியாமல் அழுக்குக் காயத்தோடு வருகிறவருக்கு, பிறர் உடம்பில் உருவான எதிர்ப்புப் புரதத்தை எடுத்து ஆயத்தமாகக் கொடுப்பார்கள். உடம்பு படித்து முடிக்கும்வரை அது காவல் நிற்கும், சில கிழமைகளில் கரைந்துவிடும். அது எதையும் கற்பிக்காது. ஆகவே அதை நம்பி அடுத்த ஊசியைத் தவறவிடக் கூடாது.

கிராமத்துக் கிளினிக்குகளுக்கு மருந்து கொண்டுபோகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் பக்கத்து வெயிலைத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் ஏற்பூசிக்கு உறைவதுதான் பெரிய கெடுதி. உறைந்த ஐஸ் கட்டியோடு ஒட்டிக் கிடந்தால், அலுமினிய உப்பு திரண்டு மருந்து வலுவிழக்கும். குலுக்கி வைத்துப் பாருங்கள். நல்ல குப்பி நெடுநேரம் ஒரே சீராகக் கலங்கியிருக்கும். உறைந்து இளகியதில் துணுக்குகள் மிதந்து சீக்கிரமே அடியில் படியும்.

ஏற்பு ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை. ஊரெல்லாம் ஊசி போட்டிருந்தாலும், போடாத ஒருவரை அது காப்பாற்றாது. சித்தப்பா இரண்டாவது ஊசிக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். மூன்று திகதிகளையும் ஒரு அட்டையில் எழுதித் தரச் சொல்லி, அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள்.