மேல்பாதத்தில் ஷூ லேஸ் அழுத்துகிறதா?

கேள்வி: வாக்கிங் ஷூவில் லேஸ் நைந்து அறுந்துவிட்டது. புதிதாக உருண்டை லேஸ் வாங்கிப் போட்டேன். அரை மணி நேரம் நடந்தால் மேல்பாதத்தில் ஓரிடத்தில் அழுத்தி வலிக்கிறது. தளர்த்திக் கட்டினால் குதிகால் கழன்று வருகிறது. எந்த லேஸ் வாங்கி, எப்படிக் கோக்க வேண்டும்?

பதில்: உருண்டை லேஸை எடுத்துவிட்டு, 7 அல்லது 8 மி.மீ. அகலமுள்ள தட்டை பாலியஸ்டர் லேஸ் வாங்குங்கள். மேல்பாதத்தில் சதைப்பற்று மிகக் குறைவு. தோலுக்கு அடியிலேயே எலும்பும், விரல்களைத் தூக்கும் தசைநாண்களும், ஒரு நரம்பும் இருக்கின்றன. உருண்டை லேஸ் அவற்றின் மேல் ஒரே கோடாக அழுந்தும். தட்டை லேஸ் அதே இழுவையை அகலமாகப் பரப்பிவிடும். ஆனால் அது முறுக்கிக்கொண்டால் கயிறாகி, உருண்டை லேஸுக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது. ஆகவே ஒவ்வொரு துளையைத் தாண்டும்போதும் விரலால் நீவித் தட்டையாக்குங்கள்.

நீளத்துக்குப் பழைய லேஸை அளந்துகொள்வதே நல்லது. பக்கத்துக்கு 6 துளை உள்ள ஷூவுக்குப் பெரும்பாலும் 120 செ.மீ. சரியாக இருக்கும். ஒன்றுதான் அறுந்தது என்றாலும் இரண்டு காலுக்கும் சேர்த்து மாற்றுங்கள். பழையது இழுபட்டுத் தளர்ந்திருக்கும், இரண்டு ஷூவும் ஒரே இறுக்கத்தில் நிற்காது. கோப்பதற்கு முன் லேஸ் அறுந்த இடத்துக்கு நேரே இருந்த துளைக்குள் ஒரு பஞ்சுத் துணுக்கை நுழைத்து இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் உலோக வளையத்தில் பிசிறு இருக்கிறது. நகம் தேய்க்கும் அரத்தால் அதை மழுக்காவிட்டால் புது லேஸும் அதே இடத்தில் அறுபடும்.

இனி வலிக்கும் இடம். அந்த இடத்தில் லிப்ஸ்டிக்கால் ஒரு பொட்டு வைத்து, சாக்ஸ் இல்லாமல் ஷூவில் காலை விட்டு ஓர் அழுத்து அழுத்தி எடுங்கள். ஷூ நாக்கின் உள்பக்கம் கறை பதிந்திருக்கும். அது எந்தத் துளைகளுக்கு நேரே என்று கீழிருந்து எண்ணுங்கள். வழக்கமான பெருக்கல் குறிக் கோப்பில் இரண்டு லேஸும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம்தான் மிகவும் தடிப்பு. அந்தத் தடிப்பு உங்கள் எலும்பு மேட்டின் மேல் உட்கார்ந்திருந்தால் கறை அதற்கு நேரே விழும்.

கறை மூன்றாவது, நான்காவது துளைகளுக்கு நடுவே என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது துளை வரை வழக்கம்போல் கோத்து, லேஸை உள்ளிருந்து வெளியே எடுங்கள். அங்கே மட்டும் குறுக்கே போகாமல், இரண்டு முனைகளையும் அதனதன் பக்கத்திலேயே நேராக மேலே கொண்டுபோய் நான்காவது துளையில் வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். பிறகு உள்பக்கமாகக் குறுக்கே கொண்டுபோய், எதிர்ப்பக்கத்து ஐந்தாவது துளை வழியே வெளியே எடுத்து, ஆறாவதுவரை வழக்கம்போல் முடியுங்கள். வலித்த இடத்தின் மேல் இப்போது லேஸே இல்லை; ஒரு ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். அதற்கு மேலும் கீழும் முன்போலவே இறுக்கலாம்.

குதிகால் கழல்வதற்கு மருந்து மேலே இருக்கிறது. பல வாக்கிங் ஷூக்களில் கணுக்கால் ஓரமாகச் சற்றுத் தள்ளி ஏழாவதாக ஒரு துளை இருக்கும்; யாரும் அதைத் தொடுவதில்லை. ஆறாவதிலிருந்து வெளியே வரும் முனையை அதே பக்கத்து ஏழாவதில் உள்ளே விட்டு, வெளியே ஒரு சிறு வளையம் விடுங்கள். வலது முனையை இடது வளையத்துக்குள்ளும், இடது முனையை வலது வளையத்துக்குள்ளும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். ஜன்னலில் கொஞ்சம் லேஸ் மிச்சமாகும், இந்த வளையம் அதைவிடக் கூடுதலாகத் தின்னும். கட்டும்போது முனை போதவில்லை என்றால் மட்டும் 140 செ.மீ. வாங்குங்கள், தேவையில்லாத நீளம் காலில் மிதிபடும். கட்டுவதற்கு முன் குதிகாலைத் தரையில் தட்டி ஷூவின் பின்பக்கம் ஒட்ட வைக்க மறக்காதீர்கள்.

ஓரிடமாக இல்லாமல் மேல்பாதம் முழுக்க அழுத்தினால் ஜன்னல் போதாது. அப்போது ஏணிப்படி மாதிரி, வெளியே நேர்க்கோடுகள் மட்டும் தெரியும்படி, மேலேறும் லேஸை ஓரமாக உள்ளே விட்டுக் கோக்கலாம். ஆனால் அந்தக் கோப்பு இறுக்கமும் தளர்வும் சீராகப் பரவ நேரம் எடுக்கும்.

லேஸால் தீராததும் உண்டு. ஷூவின் இரு விளிம்புகளும் மிக அகன்று நின்றால் ஷூவில் உயரம் போதவில்லை. உள்ளே இருக்கும் அட்டையை மெல்லியதாக மாற்றிப் பாருங்கள். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மரத்துப்போனாலோ, வெறுங்காலோடு நடக்கும்போதும் வலித்தாலோ, வீங்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அழுத்துவதே தெரியாமல் போகலாம். அவர்கள் புது லேஸ் போட்ட முதல் சில நாட்கள், நடந்து வந்ததும் சாக்ஸைக் கழற்றி மேல்பாதத்தில் சிவந்த தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.