அப்பாவை இழந்த அக்காவுக்கு என்ன எழுதுவது?

கேள்வி: என்னோட வேலை செய்யிற அக்காவின்ட அப்பா நேற்று தவறிட்டார். ஒஃபிஸ் வாட்ஸ்அப் குழுவில எல்லாரும் "ஆழ்ந்த அனுதாபங்கள்" போட்டாச்சு. நான் அவவுக்குத் தனியா ஒண்டு எழுதோணும். மரண அறிவித்தல் மாதிரி இருக்கக் கூடாது. என்ன எழுதலாம்?

பதில்:

என் அம்மா தவறியபோது பொரளைப் பக்கம் ஒரு மலர்ச்சாலையில் வைத்திருந்தோம். ஒஃபிஸ் குழுவில் அன்றைக்கு முப்பது நாற்பது அனுதாபங்கள் வந்திருக்கும். எல்லாம் நல்ல மனதோடு போட்டவைதான், ஆனால் யார் என்ன எழுதினார்கள் என்று ஒன்றும் நினைவில்லை. கணக்குப் பிரிவில் இருந்த ஒரு தம்பி தனியாக அனுப்பியது மட்டும் இன்றைக்கும் போனில் கிடக்கிறது:

"அண்ணா, அம்மா கட்டித் தாற புட்டுப் பார்சலில பாதி நான்தான் சாப்பிட்டிருப்பன். 'தம்பிக்கும் சேர்த்துத்தான் வச்சனான்' எண்டு ஒருக்கா போனில சொன்னவ. மாத முடிவுக் கணக்கை நான் அனுப்பிட்டன், அதை யோசியாதேங்கோ. இதுக்குப் பதில் போட வேண்டாம். பின்னேரம் வாறன்."

அதுவரை வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டு மரம் மாதிரி நின்ற நான், தேத்தண்ணி மேசைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அவன் அம்மாவின் சாவைப் பற்றி எழுதவில்லை, அம்மாவைப் பற்றி எழுதியிருந்தான். என் தலையில் கிடந்த ஒரு வேலையை, கேட்காமலே இறக்கியும் வைத்துவிட்டான். உங்களுக்கும் இந்த இரண்டும் போதும்.

அக்காவின் அப்பாவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் என்றில்லை. பக்கத்து மேசையில் இருப்பவரின் வீட்டுக் கதை நம் காதில் விழாமலா இருக்கும்? ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்கு அக்காவின் அப்பா போன் எடுத்து "பஸ் ஏறிட்டியா?" என்று கேட்பவர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் நான் இப்படி எழுதுவேன்:

"அக்கா, இப்பதான் கேள்விப்பட்டன். என்ன சொல்லுறதெண்டு தெரியேல்ல. அஞ்சு மணிக்கு அப்பா போன் எடுக்க, நீங்கள் 'வெளிக்கிட்டன் அப்பா' எண்டு பொய் சொல்லிப்போட்டு இன்னொரு ஃபைலைத் திறக்கிறதுதான் கண்ணுக்குள்ள நிக்குது. வியாழக்கிழமை மீட்டிங்கை நான் பாக்கிறன், சேரிட்டயும் சொல்லிட்டன். பதில் எழுத வேண்டாம் அக்கா. நாளைக்குக் காலமை வீட்டை வாறன்."

அப்படி எதுவும் தெரியாவிட்டால் இட்டுக்கட்டாதீர்கள். கண்டதை எழுதுங்கள்: "போன மாசம் முழுக்க ஆஸ்பத்திரியும் ஒஃபிசுமா நீங்கள் ஓடினதைப் பாத்தனான் அக்கா." அப்பாவை இன்னும் கொஞ்சம் கவனித்திருக்கலாமோ என்று உள்ளுக்குள் குடைந்துகொண்டிருப்பவருக்கு, தான் ஓடியதை ஒருவர் பார்த்திருக்கிறார் என்பது சின்ன ஆறுதல் இல்லை.

"ஏதும் உதவி தேவையெண்டா சொல்லுங்கோ" என்பதைத் தவிருங்கள். ஐயருக்கு ஆள் அனுப்புவதா, ஊரிலிருந்து வருகிறவர்களை எங்கே தங்க வைப்பதா என்று நிற்பவர், உங்களுக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று யோசிக்கப்போவதில்லை. "என்ன நடந்தது?" என்றும் கேட்காதீர்கள், அதை அவர் அன்றைக்கே ஐம்பது தரம் சொல்லியிருப்பார். "வயசு போனவர்தானே", "கிடந்து உத்தரிக்காமல் போயிட்டார்" என்பதெல்லாம் வீட்டார் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம். வெளியில் இருந்து வரும்போது அது சுடும்.

ஆத்மா சாந்தி பற்றியும் ஒரு சொல். கொழும்பில் ஒரே ஒஃபிசில் சைவம், வேதம், இஸ்லாம் எல்லாம் இருக்கும். அவர் வீட்டு வழக்கம் தெரிந்தால் அதன்படி ஒரு வரி சேருங்கள். தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், ஒன்றும் குறையாது.

அனுப்புவதென்றால் இன்றைக்கே அனுப்புங்கள். நல்ல வசனம் வரட்டும் என்று மூன்று நாள் வைத்திருந்தால் பிறகு அனுப்பவே கூச்சமாகிவிடும். எனக்கு ஒருவருடைய விஷயத்தில் அப்படித்தான் ஆனது. இன்றுவரை அவரைக் கண்டால் கதையை வேறு பக்கம் திருப்பிவிடுவேன்.

அப்புறம், எட்டுச் செலவு முடிந்ததும் ஆட்கள் வருவது குறைந்துவிடும். அவர்கள் சைவம் என்றால் 31ஆம் நாள் அந்தியேட்டி வரும், அதை இப்போதே போன் கலண்டரில் குறித்து வையுங்கள். அதற்கு முதல் நாள் இரவு இவ்வளவு போதும்: "அக்கா, நாளைக்கு அந்தியேட்டி எண்டு நினைவிருக்கு. மத்தியானம் வாறன். வாழையிலை நான் வாங்கிக்கொண்டு வரட்டோ?"