கடின நீருக்கு எந்தச் சோப்பு, எந்த ஷாம்பு?

கேள்வி: வீடு மாறியதிலிருந்து ஆழ்துளைக் கிணற்று நீரில்தான் குளிக்கிறோம். சோப்பு நுரைப்பதே இல்லை. குளித்தபின் தோல் இழுத்துப் பிடிக்கிறது, கால்களில் அரிப்பும் உள்ளது. முடி சிக்குப் பிடித்துக் கொட்டுகிறது. துவைத்த துணிகூட விறைப்பாக இருக்கிறது. எதை மாற்ற வேண்டும், டாக்டர்?

பதில்: முதலில் குளியல் சோப்பை மாற்றுங்கள். உங்கள் தொல்லைகளில் பெரும்பகுதி நீரால் மட்டும் வருவதன்று. அந்த நீரும் சோப்பும் சேரும்போது உண்டாகும் பொருளால் வருவது.

வழக்கமான சோப்பு என்பது கொழுப்பு அமிலங்களின் சோடியம் உப்பு. கடின நீரில் கரைந்துள்ள கால்சியமும் மெக்னீசியமும் அந்தச் சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், நீரில் கரையாத வெள்ளைப் பிசுக்கு உருவாகிறது. வாளியின் உட்புறத்தில் விரலை வைத்துத் தேய்த்தால் மெழுகுபோல் வழுவழுப்பாக ஒட்டுவது அதுதான். அதே பிசுக்கு தோலிலும் முடியிலும் துணியிலும் படிகிறது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை கொண்ட 20 லிட்டர் வாளி நீரில் உள்ள கால்சியம் முழுவதையும் சோப்பே ஈடுகட்டுவதானால், நுரை நிலைப்பதற்கு முன்பே ஏறத்தாழ 36 கிராம் சோப்பு பிசுக்காகிவிடும். நுரை வரவில்லையே என்று மேலும் தேய்ப்பவர்கள் பிசுக்கைத்தான் கூட்டிக்கொள்கிறார்கள். சோப்பு காரத்தன்மை உடையது, ஆரோக்கியமான தோலோ சற்று அமிலத்தன்மை உடையது; ஆகவே கழுவப்படாமல் தங்கும் எச்சம் தோலின் பாதுகாப்பு அடுக்கை வறளச் செய்கிறது.

இதற்கு மாற்றாக, சோப்பில்லாச் சோப்பு அல்லது சிண்டெட் பார் எனப்படும் கட்டியை வாங்குங்கள். அட்டையில் உள்ள பொருள்பட்டியலின் தொடக்கத்தில் சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட் என்ற பெயர் இருந்தால் அது சிண்டெட். சோடியம் பாமேட், சோடியம் டாலோவேட் போன்றவை முன்னால் இருந்தால் அது வழக்கமான சோப்பு. சிண்டெட், கால்சியத்துடன் சேர்ந்து அவ்வளவாகப் பிசுக்காவதில்லை. உடல் முழுவதும் தேய்க்காமல் அக்குள், இடுப்பு மடிப்பு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் பயன்படுத்தி, தோல் ஈரமாக இருக்கும்போதே மணமில்லாத மாய்ஸ்சரைசரைப் பூசுங்கள். மூன்று, நான்கு வாரங்களில் அரிப்பு குறையாவிட்டாலும், தோல் சிவந்து நீர் வடிந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஷாம்பு பெரும்பாலும் செயற்கை நுரைப்பொருளால் ஆனது என்பதால் சோப்பைப் போல் பிசுக்காவதில்லை. ஆயினும் கால்சியம் முடியின் மேற்பரப்பில், குறிப்பாகச் சாயமிட்ட, நிறம் நீக்கிய முடியில், ஒட்டிக்கொண்டு அதைச் சொரசொரப்பாக்குகிறது. கால்சியத்தைப் பிடித்து விலக்கும் டைசோடியம் ஈடிடிஏ போன்ற பொருள்களைச் சிறப்பாகக் கொண்ட கீலேட்டிங் ஷாம்புவை வாரம் ஒருமுறை போட்டு, இரண்டு நிமிடம் ஊறவிட்டு அலசி, கண்டிஷனர் பூசினால் போதும். சாதாரண ஷாம்புகளிலும் ஈடிடிஏ சிறிதளவு இருக்கும். அது பெரும்பாலும் ஷாம்பு கெடாமல் இருப்பதற்காகச் சேர்க்கப்படுவது, முடியில் படிந்ததை நீக்க அந்த அளவு போதாது.

முடி கொட்டுவதைத் தனியே பார்க்க வேண்டும். விழுந்த முடியை ஒளியில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் சிறிய வெண்குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. இரு முனையிலும் குமிழ் இல்லாமல், நீளமும் குறைவாக இருந்தால் அது இடையில் முறிந்தது. முறிவுக்கு நீரும் காரணமாக இருக்கலாம். வேரோடு மிகுதியாக உதிர்ந்தால் நீரைக் குறை சொல்லிக் காலம் கடத்தாமல் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு பரிசோதனைகள் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

துணிக்குச் சோப்புக்கட்டியை விட்டுவிட்டு, ஜியோலைட் அல்லது சோடியம் சிட்ரேட் சேர்ந்த சலவைத்தூளைப் பயன்படுத்துங்கள். அவை கால்சியத்தைப் பிடித்து வைப்பதால் தூள் தன் வேலையைச் செய்ய முடிகிறது. உறையில் கடின நீருக்கெனத் தனி அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். சலவை சோடாவும் நீரை மென்மையாக்கும், ஆனால் அது கால்சியத்தைச் சுண்ணாம்பாக வீழ்படியச் செய்வதால் விறைப்பு முற்றிலும் நீங்காது; பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது. தூளின் எச்சமும் அரிப்பைத் தரும் என்பதால் உள்ளாடைகளைக் கூடுதலாக ஒருமுறை அலசுங்கள்.

வீடு முழுவதற்கும் நீர் மென்மையாக்கும் கருவி வாங்கலாமா என்று யோசிப்பீர்கள். நுரைக்கும் துணிக்கும் குழாய்களுக்கும் அது நிச்சயம் உதவும். தோல் நோய்க்கான மருந்தாக மட்டும் எண்ணி வாங்க வேண்டாம்: எக்ஸிமா உள்ள 336 குழந்தைகளிடம் இங்கிலாந்தில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சையுடன் இக்கருவியைச் சேர்த்ததால் நோயின் கடுமை கூடுதலாகக் குறையவில்லை. வாங்குவதற்கு முன் ஆய்வகத்தில் மொத்தக் கடினத்தன்மையைச் சோதியுங்கள். டிடிஎஸ் மீட்டர் எல்லா உப்புகளையும் சேர்த்து மதிப்பிடுவதால், அந்த எண்ணை வைத்துக் கடினத்தன்மையை அறிய முடியாது.